மேலிருந்து பார்க்கும் போனும் கீழே விழும் நிழல்களும்

மார்ச் 3

காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் பேப்பர் க்வில்லிங் செய்முறையை மேலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று உட்கார்ந்தேன். மேசையின் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவே ஒரு பலகையைப் போட்டு, கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்படி பலகையின் ஓரத்தில் போனைப் படுக்கவைத்தேன். கீழே ஒரு A3 வெள்ளைத் தாள். கூரை விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

பதிவைப் போட்டுப் பார்த்தால், தாளின் நடுவில் பலகையின் நிழல் ஒரு சாம்பல் பட்டையாகக் கிடக்கிறது. நான் கொஞ்சம் குனிந்ததும் என் தலை இன்னொரு இருட்டாக வந்து அதோடு சேர்ந்துகொள்கிறது. சுருளை ஒட்டும் இடம், அதாவது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டிய ஒரே இடம், இருக்கிறதிலேயே இருட்டாக இருக்கிறது.

வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று கூரையில் இன்னும் பிரகாசமான பல்பை மாட்டினேன். தாள் வெளுத்தது. நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மார்ச் 4

இன்று பதிவு எதுவும் செய்யவில்லை, நிழலை மட்டும் பார்த்தேன். தாளின் நடுவில் ஒரு பென்சிலை நட்டுக்குத்தாக, ஒரு துளி களிமண்ணில் நிறுத்தினேன். ஒவ்வொரு விளக்கும் அதற்கு ஒரு நிழல் கொடுக்கும். அந்த நிழல் நீளும் திசைக்கு நேர் எதிரில் விளக்கு இருக்கும். அறையில் இருப்பதையெல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டால், எந்த நிழல் எந்த விளக்குடையது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

கூரை விளக்கை மட்டும் எரியவிட்டேன். அது என் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே இருக்கிறது. மேசைக்கு வரும் ஒளி முதலில் என் தலையையும் பிறகு பலகையையும் போனையும் கடந்துதான் வர வேண்டும். அங்கே எத்தனை பிரகாசமான விளக்கை மாட்டினாலும் வழியில் நிற்கும் பொருள்கள் நிற்கத்தான் செய்யும். நேற்று பல்பை மாற்றியது வீண் வேலை என்று இப்போது புரிகிறது.

அப்புறம் மேசை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். இப்போது புத்தக அடுக்கே சுவர் மாதிரி மறைக்கிறது. ஒளி பக்கத்திலிருந்து வர வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். அப்படியானால் போனைத் தாங்கும் கை எனக்கு எதிரிலிருந்து, ஒரே ஒரு மெல்லிய சட்டமாக வர வேண்டும்.

மார்ச் 6

சட்டம் தயார். 110 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் உள்ள மரச்சட்டம். முனையில் துளை போட்டு, மொபைல் ஹோல்டரைக் கால் அங்குல போல்ட்டால் முடுக்கினேன். ட்ரைபாட் திருகின் அளவு அதுதான். பெரும்பாலான ஹோல்டர்களில் அதற்கான மரை இருக்கும்.

மேசைக்குப் பின்னால் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் சட்டத்தைப் படுக்கவைத்தேன். தட்டின் விளிம்பிலிருந்து 45 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, மீதி 65 செ.மீ. தட்டின்மேல் இருக்கிறது. போனும் ஹோல்டரும் சேர்ந்து சுமார் 250 கிராம். விளிம்பைத் தராசின் முள்ளாக நினைத்தால் முன்பக்க இழுவை 250 பெருக்கல் 45. பின்பக்கம் விளிம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி எடை வைத்தால் 225 கிராமே சரிக்கட்டிவிடும். ஆனால் கை தெரியாமல் சட்டத்தில் இடித்தால் என்ன ஆகும் என்று யோசித்து, 2 கிலோ புத்தகங்களை வைத்து, சட்டத்தைக் கிளாம்ப் போட்டும் இறுக்கினேன். போனையும் ஹோல்டரையும் சேர்த்து ஒரு நூல் கயிற்றால் சட்டத்தோடு கட்டிவிட்டேன். கீழே கத்தரியும் என் கைகளும் இருக்கின்றன, ஹோல்டரின் பிடியை மட்டும் நம்ப முடியாது.

சட்டம் அலமாரியில் இருப்பதால் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. நான் வேலை செய்யும் மேசையை அது தொடவே இல்லை. நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டேன். பலகை மேசையில் இருந்தபோது ஒவ்வொரு முறை கத்தரியைக் கீழே வைத்ததும் படம் குலுங்கியது. இன்று மேசையைத் தட்டியே பார்த்தேன், படம் அசையவில்லை.

போன் தாளுக்கு மேலே 55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஓர் அளவுகோலைக் கீழே வைத்துப் பார்த்ததில், என் போனின் வீடியோவில் சுமார் 60 செ.மீ. அகலம் தெரிகிறது. A3 தாளின் 42 செ.மீ. போக, கைகள் வந்துபோக இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. இந்த அளவு போனுக்குப் போன் மாறும். போட்டோவில் தெரியும் அகலத்தைவிட வீடியோவில் பொதுவாகக் குறையும் என்பதால் வீடியோவை வைத்தே அளக்க வேண்டும். உயரத்தைக் குறைத்து அகலக் கோண லென்ஸுக்கு மாறலாமே என்று தோன்றியது. மாறிப் பார்த்தேன். ஓரத்தில் வரும் விரல்கள் இழுத்துவிட்டது போல நீள்கின்றன, போனும் தாளுக்கு நெருங்கி வந்து கையில் இடிக்கிறது. வேண்டாம்.

போன் மேசைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. சட்டமில்லாத சின்னக் கண்ணாடி ஒன்றைத் தாளின்மேல் மட்டமாக வைத்து, திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் கேமரா தன்னையே பார்க்கும். அந்தக் குட்டி லென்ஸின் பிம்பம் திரையின் நட்ட நடுவில் வந்தால் போன் நேராக இருக்கிறது. எனக்கு மேல்பக்கமாக ஒதுங்கி நின்றது. ஹோல்டரின் அடியில் ஒரு மடித்த அட்டையைச் செருகியதும் நடுவுக்கு வந்தது.

மார்ச் 7

கூரை விளக்கை அணைத்தாயிற்று, அது இனி அணைந்தே இருக்கும். இரண்டு மேசை விளக்குகள், ஒரே பெட்டியில் வாங்கிய ஒரே மாதிரி பல்புகள். ஒன்று மஞ்சளாகவும் ஒன்று வெள்ளையாகவும் இருந்தால் ஒரு நிழல் நீலமாகவும் மற்றது ஆரஞ்சாகவும் விழும். க்வில்லிங்கில் நிறம்தான் எல்லாமே.

முதலில் இரண்டு விளக்குகளையும் போனுக்கு மேலே, 80 செ.மீ. உயரத்தில் வைத்தேன். போனின் நிழல்கள் தாளின் நடுவை விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கின, ஆனால் படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தன. ஒவ்வொரு விளக்காகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். போனின் உயரத்தைக் கடந்து விளக்கு கீழே வந்ததும் போனின் நிழல் தாளிலிருந்து அடியோடு மறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் தேடினேன். அண்ணாந்து பார்த்தால் கூரையில் இருக்கிறது!

காரணம் எளிது. விளக்கு போனைவிடத் தாழ்வாக இருந்தால், போனைத் தொட்ட ஒளி மேல்நோக்கித்தான் போக முடியும். மேசைக்கு வரும் ஒளி போனுக்குக் கீழாகவே நுழைந்துவிடுகிறது. போன், சட்டம், என் தலை மூன்றும் ஒரேயடியாக வழியை விட்டு விலகிவிட்டன. பளபளப்பான காகிதத்தில் வெள்ளைத் திட்டு விழுவதும் நின்றது. பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி எதிர்ப்பக்கமாகத் தெறித்துப் போகிறது, நேர் மேலே இருக்கும் கேமராவுக்கு ஏறுவதில்லை.

அப்படியானால் இன்னும் இறக்கலாமா? 15 செ.மீ. வரை இறக்கிப் பார்த்தேன். இப்போது என் கையின் நிழல் தாள் முழுக்க நீள்கிறது. கணக்கும் அதையேதான் சொல்கிறது: விளக்கு கையிலிருந்து 45 செ.மீ. தள்ளி, 40 செ.மீ. உயரத்தில் இருந்தால், 6 செ.மீ. உயரத்தில் இருக்கும் கைமுட்டியின் நிழல் 8 செ.மீ. நீளும். அதே விளக்கு 15 செ.மீ. உயரத்தில் இருந்தால் 30 செ.மீ. நீளும். 40 செ.மீ. உயரத்திலேயே நிறுத்திவிட்டேன்.

மார்ச் 9

மிச்சம் இருப்பது கையின் நிழல். அதை விரட்ட முடியாது, கைதானே வேலை செய்கிறது. எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்லலாம். எனக்கு வலது கை. வலது விளக்கு எரியும்போது கையின் நிழல் இடப்பக்கம், சரியாகச் சுருளின்மேல் விழுகிறது. இடது விளக்கு எரியும்போது நிழல் கையின் மறுபுறம் ஒளிந்துகொள்கிறது. ஆகவே இடது விளக்குதான் முக்கியமானது. இடது கைக்காரர்கள் இதை அப்படியே திருப்பிக்கொள்ள வேண்டும்.

இடது விளக்கின் முன்னால் 15 செ.மீ. தள்ளி, 30க்கு 40 செ.மீ. சட்டத்தில் மெல்லிய வெள்ளைத் துணியை நீட்டிக் கட்டினேன். எல்.இ.டி. பல்பு என்பதால் துணி சூடாகவில்லை. இழை பல்பாக இருந்தால் துணியை இவ்வளவு அருகில் வைக்கவே கூடாது. பல்பு ஒரு புள்ளி போலிருந்தபோது பென்சிலின் நிழலுக்குக் கத்தியால் வெட்டியது போல ஓரம் இருந்தது. துணி போட்டதும் ஓரம் புகை மாதிரி கலைந்தது. ஒளி வரும் பரப்பு பெரிதாகும்போது, பென்சில் ஒரு பகுதியை மறைத்தாலும் இன்னொரு பகுதி எட்டிப் பார்த்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

வலதிலும் அதே மாதிரி துணி கட்டி இரண்டையும் சமமாக எரியவிட்டேன். தாளில் நிழலே இல்லை. ஆசையாகப் பதிவு செய்து தங்கையிடம் காட்டினேன்.

“அக்கா, இது பிரிண்ட் எடுத்த படமா? சுருள் எது, வரைஞ்ச வட்டம் எதுன்னே தெரியல” என்றாள்.

அவள் சொன்னது சரி. என் சுருள்கள் 5 மி.மீ. உயரம். மேலிருந்து பார்க்கும்போது அந்த உயரத்தைக் காட்டுவது அதன் பக்கத்தில் விழும் மெல்லிய நிழல்தான். அதையும் துடைத்துவிட்டேன். வலது விளக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிமிர்த்தி வைத்தேன். இடதிலிருந்து வரும் ஒளியில் கொஞ்சத்தை அது திருப்பி அனுப்புகிறது. பலகையை நெருக்கினால் நிழல் வெளுக்கிறது, தள்ளினால் கறுக்கிறது. தாளின் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தபோது ஒவ்வொரு சுருளும் தாளைவிட்டு எழுந்து நின்றது.

மார்ச் 10

முழுப் பதிவு. முதல் தடவை 12 நிமிடம் செய்து முடித்துப் பார்த்தால் படம் தலைகீழாக இருக்கிறது. போன் தரையைப் பார்த்துக் கிடக்கும்போது எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரிவதில்லை. பதிவு தொடங்கும் நொடியில் என்ன நினைத்ததோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் தடவை, போனைக் கையில் நிமிர்த்தி, படுக்கைவாட்டில் சரியான பக்கம் திருப்பி, பதிவை ஓடவிட்ட பிறகு ஹோல்டரில் மாட்டினேன். சரியாக வந்தது. தொடக்கத்தில் வரும் ஆட்டத்தை வெட்டிவிடலாம்.

ஹோல்டரில் மாட்டியதும் தாளில் கையை வைத்துக்கொண்டு, திரையில் தாளின் மேற்பரப்பை நீளமாக அழுத்தி ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டினேன். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் தாள் வெளுத்து, கை போனதும் மீண்டும் சாம்பலாகும். நிழல் தொல்லை ஒழிந்த பிறகு இது கண்ணை உறுத்தும். பூட்டிய பிறகு வெளிச்சத்தைத் துளி கூட்டினேன், தாள் தாளாகவே வெள்ளையாக வந்தது.

9 நிமிடப் பதிவு. ஆறாவது நிமிடத்தில் சுருளின் நுனியில் பசை வைக்கும் இடத்தை நிறுத்திப் பார்த்தேன். ஊசி முனையில் பசைத் துளி கண்ணாடி மாதிரி தெரிகிறது. என் விரலின் நிழல் அதற்கு வலது பக்கம், அரை அங்குலம் தள்ளி, மங்கலாகப் போகிறது.

மேசையில் விளக்கு நின்ற இடத்தையும், தெர்மாகோல் இருந்த இடத்தையும், தாளின் நான்கு மூலைகளையும் மாஸ்கிங் டேப்பால் குறித்துவைத்துவிட்டேன். நாளை இலை வடிவங்கள்.