தோசைக்கல் ஏன் திரும்பி வருகிறது?

கோயம்புத்தூரில் வார்ப்பிரும்புப் பாத்திரங்களை இணையத்தில் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில், பொருள் விவரம் எழுதுவது என் வேலை. தோசைக்கல், பணியாரக்கல், கடாய் என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். அதிகம் கற்றுக்கொடுத்தது 12 இன்ச் தோசைக்கல்தான். அதிகம் விற்றதும் அதுதான், அதிகம் திரும்பி வந்ததும் அதுதான்.

நான் சேர்ந்தபோது அதன் விவரத்தில் இருந்தவை இவை: "உயர்தர வார்ப்பிரும்பு. பாரம்பரிய சுவை. ஆரோக்கியமான சமையல். எண்ணெயில் பழக்கப்பட்டது. தலைமுறைகள் தாண்டி உழைக்கும்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வாங்க நினைப்பவர் மனதில் ஓடும் ஒரு கேள்விக்குக்கூட இதில் பதில் இல்லை. பதில் கிடைக்காதவர் தானாகவே ஒன்றை நினைத்துக்கொண்டு ஆர்டர் போடுகிறார். நினைத்தது போல் இல்லையென்றால் கல் திரும்பி வருகிறது. மூன்று கிலோ இரும்பு, போக வர இரண்டு கூரியர் செலவு. ஒரு தோசை ஊற்றிப் பார்த்திருந்தால் அதைப் புதிது என்று மறுபடி விற்கவும் முடியாது.

ரிட்டர்ன் காரணங்களைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும் என்று தோன்றும். புரியாது. வாங்கியவர் பட்டியலில் முதலில் கண்ணில் படுவதைத் தட்டிவிடுகிறார். "பழுதான பொருள்" என்ற ஒரே காரணத்துக்குக் கீழே துரு, கனம், தோசை ஒட்டியது, இண்டக்‌ஷனில் சூடாகவில்லை என்று எல்லாமே கிடக்கும். உண்மையான காரணம் அவர்கள் அனுப்பும் படங்களிலும், கஸ்டமர் கேரில் பேசியதிலும், வாங்கும் முன் கேட்ட கேள்விகளிலும் இருக்கிறது. நான் இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பேன். வாங்கும் முன் கேள்வியாக வந்ததுதான் பெரும்பாலும் வாங்கிய பின் புகாராகவும் வரும். போட்டிக் கடைகளின் இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களும் இதற்கு நன்றாக உதவும். ஒரு நட்சத்திரம் கோபத்தில் எழுதியது, ஐந்து நட்சத்திரம் கல் வந்த அன்றே எழுதியது. நடுவில் இருப்பவர்தான் ஒரு வாரம் சமைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறார்.

துருவை எடுத்துக்கொள்வோம். வந்த படங்கள் பலவற்றில் இருந்தது துருவே இல்லை. எண்ணெய் பூசிச் சூடேற்றிப் பழக்கும்போது, பூச்சு மெலிதாக விழுந்த இடம் பழுப்பாகவே நின்றுவிடும். கறுப்புக் கல்லின் நடுவே பழுப்புத் திட்டு தெரிந்தால் யாருக்கும் துரு என்றுதான் தோன்றும். "துருப்பிடிக்காத தரம்" என்று எழுதினால் இது இன்னும் மோசமாகும். வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், அதை மறைக்க முடியாது. அதனால் விவரத்தில் இப்படி எழுதினேன்: "கல்லில் பழுப்புத் திட்டுகள் இருக்கலாம், அது எண்ணெய்ப் பூச்சின் நிறம். சந்தேகமாக இருந்தால் உலர்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒட்டினால் அது பூச்சு. ஆரஞ்சு நிறத் தூளாக வந்தால் துரு. படம் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்." கூடவே திட்டு உள்ள கல்லின் படத்தையும் போடச் சொன்னேன். முதலாளிக்கு அதில் விருப்பமில்லை. "குறையை நாமே படம் பிடிச்சுக் காட்டணுமா?" என்றார். வீட்டுக்குப் போய்ச் சேரும் கல் அப்படித்தான் இருக்கும் என்றால், பெட்டியைத் திறக்கும்போது பார்ப்பதைவிட பணம் கட்டும் முன் பார்ப்பது நல்லது என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அடுத்தது இண்டக்‌ஷன். "இண்டக்‌ஷனில் பயன்படுத்தலாமா?" என்ற கேள்விக்கு "பயன்படுத்தலாம்" என்பது சரியான பதில்தான். ஆனால் பாதிப் பதில். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் உள்ளே இருக்கும் சுருளின் அகலம் பொதுவாக 18 முதல் 20 சென்டிமீட்டர்தான். எங்கள் கல் 30 சென்டிமீட்டர். சுருளுக்கு மேலே உள்ள பகுதிதான் நேரடியாகச் சூடாகும். வார்ப்பிரும்பு அலுமினியத்தைப் போல வெப்பத்தைச் சட்டென்று ஓரத்துக்குக் கடத்தாது. நடுவில் தோசை கருகும், ஓரம் வெள்ளையாக இருக்கும், கல் பழுது என்று திருப்பி அனுப்புவார்கள். அவசரத்தில் முழுச் சூட்டில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் வேகமாக விரிந்து கல் விரிசல் விடவும் கூடும். அதனால் பதில் இப்படி மாறியது: "இண்டக்‌ஷனில் வேலை செய்யும். குறைந்த சூட்டில் வைத்து, ஓரமும் சூடாகும் வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும். அப்படியும் ஓரம் நடுப்பகுதி அளவுக்கு முறுகாது. இண்டக்‌ஷன் மட்டுமே உள்ள வீடு என்றால் 10 இன்ச் கல் பொருத்தம்." எங்களுடைய விலை கூடிய பொருளை வாங்க வேண்டாம் என்று நாங்களே சொல்லும் வரி இது. இந்த விவரத்திலேயே அதிகம் வேலை செய்யும் வரி இதுதான் என்பது என் கணிப்பு.

அளவும் கனமும் சேர்ந்தே வரும். 12 இன்ச் என்பது விளிம்போடு சேர்த்து. தோசை ஊற்றும் சமதளம் 10 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் தனித்தனியாக எழுதி, அளவுகோல் வைத்த படமும் சேர்த்தோம். கனம் எடை போடாமலே தெரியும். 30 சென்டிமீட்டர் வட்டம், 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் தட்டு மட்டும் இரண்டரை கிலோ வந்துவிடும், கைப்பிடியோடு மூன்று கிலோவை நெருங்கும். "கனமானது" என்று மட்டும் எழுதினால் அதைத் தரத்துக்கான பாராட்டாகத்தான் படிப்பார்கள். "மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கையால் தூக்கிக் கழுவுவது சிரமம். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இரண்டு கிலோ அளவில் உள்ள 10 இன்ச் கல்லைப் பாருங்கள்" என்று எழுதினால்தான் அது பதில்.

"பழக்கப்பட்டது" என்ற சொல்லை நீக்கவில்லை, ஆனால் பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தேன். முதல் சில தோசைகள் ஒட்டும், வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்த்து ஊற்றி வந்தால் நாளாக ஆக சரியாகும் என்று. பாட்டி வீட்டுக் கல்லை மனதில் வைத்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அது இருபது வருடம் எண்ணெய் குடித்த கல்.

இதையெல்லாம் எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ஃபோனில் பார்ப்பவருக்கு முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதி 'மேலும் படிக்க'வுக்குள் மறைந்துவிடும். எனவே சமதள அளவு, எடை, இண்டக்‌ஷன் மூன்றும் மேலே. பழுப்புத் திட்டு படத்தின் மேலேயே எழுத்தாக. ஆரோக்கியமும் பாரம்பரியமும் அடியில் இருக்கட்டும், அதைப் படித்து யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

மாற்றங்களை ஒவ்வொன்றாகத்தான் போட்டோம். ஒன்றைப் போட்டுவிட்டு, அது சம்பந்தப்பட்ட புகார் குறைகிறதா என்று பார்ப்போம். மொத்த ரிட்டர்ன் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது, தீபாவளி மாதத்தில் எல்லாமே கூடும். இண்டக்‌ஷன் புகாரும் துருப் புகாரும் நன்றாகவே குறைந்தன. 12 இன்ச் விற்பனையும் கொஞ்சம் குறைந்து, அந்த அளவுக்கு 10 இன்ச் கூடியது. கேஷ் ஆன் டெலிவரியில் வாசலிலேயே வாங்க மறுப்பவர்கள் மட்டும் மாறவில்லை. அவர்கள் விவரம் படித்து மறுப்பவர்கள் இல்லை. வழியில் விழுந்து விரிசல் விட்ட கற்களும் குறையவில்லை. வார்ப்பிரும்பு நெளியாது, உடையும். அதற்கு அட்டைப்பெட்டியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம், சட்டமும் இதில் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. ஆகவே எழுதிய எண் சரியாக இருந்தாக வேண்டும். ஃபவுண்டரியில் அச்சு மாற்றினால் கல்லின் தடிமன் மாறும், எடை மாறும், விளிம்பு உயரமும் மாறும். நமக்குச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு லோடு வந்ததும் மூன்று நான்கு கல்லை எடுத்துத் தராசில் வைத்து, சமதளத்தை அளந்து, விவரத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விற்பனைக்குத் திறக்கிறோம்.