ஒன்பதா, ஆறா?

ஜூன் 10, செவ்வாய்

இன்று லைன் சூப்பர்வைசர்களுக்குப் போன வாரத் தையல் குறைகளைப் பற்றி, குவாலிட்டியில் என் கூட வேலை பார்க்கும் பெண் பேசினாள். படம் எதுவும் போடாமல், தோள்பட்டையில் தையல் விட்டிருந்த ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னதுதான் தொடக்கம். நல்ல தொடக்கம். கை மாறக் கை மாற அந்த இடைவெளி விரிந்துகொண்டே போனது. ஊசியை எப்போது மாற்றினோம் என்று அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் திரையில் ‘டி.எச்.யு. 9’. இரண்டு ஸ்லைடு தள்ளி, அதே லைனுக்கு ‘குறையுள்ள பீஸ் 6 சதவீதம்’. “ஏம்மா, ஒன்பதா ஆறா?” என்றார் மூத்த சூப்பர்வைசர். “ரெண்டும் சரிதாங்க” என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டாள். அதற்குமேல் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை.

ஜூன் 11, புதன்

டீ நேரத்தில் உட்கார்ந்து பேசினோம். கைக்குக் கை போன அந்த டி-ஷர்ட்டை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே என்றேன். குழப்பம் எங்கே வந்தது என்பதை அவள் கணக்கை வைத்தே காட்டினேன். 200 பீஸ் செக்கிங் ஆனதில் 12 பீஸில் குறை, அதனால் 6 சதவீதம். ஆனால் சில பீஸில் இரண்டு மூன்று குறை, மொத்தம் 18. நூறு பீஸுக்கு 9 குறை, அதுதான் டி.எச்.யு. போதாததற்கு அதையும் அவள் ‘ஒன்பது சதவீதம்’ என்றே வாசித்தாள். டி.எச்.யு. சதவீதமே அல்ல, குறைகள் கூடினால் நூறைத் தாண்டும்.

மாற்றம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். எண்களைக் காட்டும் முன் மேசையில் ஐந்து பீஸை வை. இரண்டில் குறை, மொத்தம் மூன்று குறை இருக்கட்டும். அவர்களே எண்ணட்டும். 40 சதவீதம் எது, 60 டி.எச்.யு. எது என்று கண்ணெதிரே தெரியும்.

“டைம் போகுமே அக்கா?” என்றாள். போகட்டும் என்றேன். எழுத்து பொடியாக இருந்ததும், வேகமாகப் பேசியதும் என் நோட்டில் இருந்தன. அவற்றை எடுக்கவில்லை, நான்கு சொன்னால் ஒன்றும் நிற்காது.

ஜூன் 13, வெள்ளி

நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு ஐந்து பீஸோடு பேசினாள். எண்ணி முடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை. சரிசெய்ய ஆல்டருக்குப் போகிற பீஸ் கணக்கு ஒன்று, குறைக் கணக்கு இன்னொன்று என்று அவர்களே சொன்னார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “ஒரே தையலில் ரெண்டு இடத்தில் விட்டிருந்தா, ஒண்ணா ரெண்டா?” அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. செக்கிங் மேசையில் கேட்டோம். ஒரு அக்கா ஒன்று என்றார், எதிரே இருந்தவர் இரண்டு என்றார். அந்த 18 யார் எண்ணியது என்று நாளை பார்க்க வேண்டும்.