ஒரே கட்டத்தில் குவிந்த பதில்களை 1, 0 எனப் பிரித்தது

‘எந்த வடிவில் படிக்கிறீர்கள்?’ என்று கூகுள் ஃபார்மில் ஒரு பலதேர்வுக் கேள்வி வைத்திருந்தேன். ஒருவர் எத்தனை டிக் போட்டாலும், பதில்கள் காற்புள்ளியால் ஒட்டப்பட்டு, கூகுள் ஷீட்ஸில் B நெடுவரிசையில் ஒரே கட்டத்தில் வந்து விழுகின்றன. எண்ண வேண்டுமானால் ஒவ்வொரு விருப்பத்துக்கும் தனி நெடுவரிசை வேண்டும்.

முதலில் `SPLIT` போட்டுப் பார்த்தேன். பிரிக்கும் குறியாக `", "` கொடுத்தால் அது காற்புள்ளியில் மட்டுமல்ல, இடைவெளியிலும் வெட்டும்; மூன்றாவது மதிப்பாக `FALSE` கொடுத்தால்தான் இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக எடுத்துக்கொள்ளும். அப்போதும் முதல் நெடுவரிசையில் ஒருவருக்குப் புத்தகம், இன்னொருவருக்கு ஒலிப்புத்தகம் என்று கலந்துதான் கிடக்கிறது. எண்ணுவதற்கு இது உதவாது.

சரி, பிரிக்காமல் தேடலாம் என்று C1 முதல் F1 வரை விருப்பங்களைத் தலைப்பாக எழுதினேன்: புத்தகம், மின்புத்தகம், ஒலிப்புத்தகம், ‘வார, மாத இதழ்கள்’. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘மின்புத்தகம்’ என்பதற்குள்ளேயே ‘புத்தகம்’ இருக்கிறது. வெறுமனே தேடினால் மின்புத்தகம் மட்டும் படிப்பவரும் அச்சுப் புத்தகக் கணக்கில் ஏறிவிடுவார். அதனால் தேடும் சொல்லுக்கும் பதிலுக்கும் இரு பக்கமும் காற்புள்ளி கட்டினேன்:

```
=IF($B2="","",IF(ISNUMBER(FIND(", "&C$1&", ",", "&$B2&", ")),1,0))
```

இதை C2-இல் போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுத்தால் போதும். கேள்வியையே தாண்டிப் போனவருக்கு 0 வராமல் கட்டம் வெறுமையாக நிற்பதைக் கவனியுங்கள். ‘படிப்பதில்லை’ என்பதும் ‘பதில் சொல்லவில்லை’ என்பதும் ஒன்றல்லவே! `AVERAGE` அந்த வெற்றுக் கட்டங்களை விட்டுவிடுவதால், பதில் சொன்னவர்களில் எத்தனை சதவீதம் என்பது நேராகக் கிடைக்கிறது. நான்கு சதவீதங்களையும் கூட்டினால் 100-ஐத் தாண்டலாம். பலதேர்வில் அது இயல்புதான்.

அப்புறம் சரிபார்ப்பு. ஒரு வரிசையில் எத்தனை துண்டுகள் என்பதைக் காற்புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டேன்:

```
=IF(B2="","",(LEN(B2)-LEN(SUBSTITUTE(B2,", ","")))/2+1-SUM(C2:F2)-F2)
```

கடைசியில் F2-ஐ இன்னொரு முறை கழிப்பது, இதழ்கள் விருப்பத்தின் பெயருக்குள்ளேயே ஒரு காற்புள்ளி இருப்பதால். ‘மின்புத்தகம், வார, மாத இதழ்கள்’ என்ற பதிலில் துண்டுகள் 3, டிக் 2, கூடுதல் காற்புள்ளி 1, விடை 0. மேலே சொன்ன தேடல் இந்தப் பெயரை முழுசாகவே பிடித்துவிடுகிறது. `SPLIT` என்றால் இரண்டாக வெட்டியிருக்கும். ஃபார்ம் தயாரிக்கும்போதே விருப்பப் பெயர்களில் காற்புள்ளியைத் தவிர்த்தால் இந்தச் சுற்றுவேலையே வேண்டாம்.

விடை 0 வராத வரிசைகளை வடிகட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ‘மற்றவை’யில் கையால் தட்டியவை. இடையில் ஃபார்மில் விருப்பத்தின் பெயரை மாற்றியிருந்தால், பழைய பெயரில் வந்த பதில்களும் இங்கேதான் சிக்கும். கையால் தட்டியவற்றுக்கு G-இல் ‘மற்றவை’ என்று தனி நெடுவரிசை வைத்து, ஒவ்வொன்றாகப் படித்து 1 போட்டேன். அதைச் சூத்திரத்திடம் விட மனமில்லை.