எனக்கு அதுதானே வீடு

வேளச்சேரியில் இயங்கும் ஒரு பிளம்பிங் நிறுவனத்துக்குக் கூகுள் விளம்பரங்களை நான் கவனித்து வந்தபோது எடுத்த ஒரு முடிவு, அதைத் திருத்திப் பல மாதங்கள் கடந்த பின்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. துரைப்பாக்கத்தின் 600097 என்ற பின்கோடை, விளம்பரம் காட்டாமல் விலக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் நான் சேர்த்தேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

விஜயநகர் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள அலுவலகத்தை மையமாக வைத்து, விளம்பரம் தெரிய வேண்டிய எல்லையாக 7 கிலோமீட்டர் வட்டம் போட்டிருந்தோம். வட்டம் என்பது வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்த தூரம். சாலை எப்படிப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. வேளச்சேரிக்கும் துரைப்பாக்கத்துக்கும் நடுவே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கிடப்பதால், துரைப்பாக்கம் வட்டத்துக்குள் வசதியாக விழுந்தாலும், ஆள் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் பள்ளிக்கரணை வழியாக ரேடியல் சாலையைப் பிடிக்க வேண்டும், அல்லது தரமணி போய்ப் பழைய மகாபலிபுரம் சாலையில் இறங்க வேண்டும். மாலை நேரத்தில் போக வர ஒன்றரை மணி நேரம் ஆனதாக எங்கள் ஆட்கள் சொன்னார்கள்.

கணக்கும் அதையே சொன்னது. ஒரு அழைப்பு வருவதற்கு விளம்பரச் செலவு சராசரியாக 240 ரூபாய். இரண்டு மாதங்களில் அந்தப் பின்கோடிலிருந்து 46 அழைப்புகள் வந்து, 16 மட்டுமே வேலையாக மாறின. ஆக ஒரு வேலைக்கு 690 ரூபாய். மற்ற இடங்களில் இரண்டு அழைப்புக்கு ஒரு வேலை கிடைத்ததால் அது 480 ரூபாயில் முடிந்தது. பயணத்தையும் சேர்த்தால் துரைப்பாக்கம் பக்கம் நஷ்டம் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர், "அந்தப் பக்கம் பேரம் வேற பேசுவாங்க தம்பி, எடுத்துடுங்க" என்றார். நான் எடுத்துவிட்டேன்.

ஒரு மாதத்துக்குப் பின் எங்கள் பிளம்பர்களில் ஒருவர், காலையில் சாமான்களை எடுக்க வந்தபோது என்னிடம் கேட்டார்.

"சார், எங்க வீட்டுல இருந்து தேடினா நம்ம கடை வரவே மாட்டேங்குது. இங்க வந்து தேடினா வருது."

"அந்தப் பக்கம் நிறுத்தி வச்சிருக்கோம்" என்றேன்.

"எதுக்கு சார்?"

"தூரம்."

"எனக்கு அதுதானே சார் வீடு" என்றார். குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. தகவலைத் திருத்துகிறவரைப் போலச் சொல்லிவிட்டு, பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வசிப்பது கண்ணகி நகரில். நகரின் உட்பகுதிக் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட அந்த அடுக்குவீடுகள் 600097க்குள்தான் வருகின்றன.

அந்த ஐந்து வரி உரையாடலை எத்தனையோ முறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தூரம் என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் எங்கிருந்து தூரம் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு கடைக்கு வாடிக்கையாளர் நடந்து வருவாரென்றால் வட்டத்தின் மையம் கடையாக இருப்பது சரி. பிளம்பிங்கில் நாம்தான் போகிறோம். அப்படியானால் மையம், ஆள் புறப்படுகிற இடமாக இருந்திருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அவருக்குக் கண்ணகி நகரில் எந்த வேலையும் நடந்து போகும் தூரம்தான்.

அன்று மாலை அழைப்பு நோட்டை மறுபடியும் எடுத்து, பின்கோடாகப் பார்க்காமல் தெருத் தெருவாகப் பார்த்தேன். 46 அழைப்புகளில் கண்ணகி நகரிலிருந்து வந்தவை 14. அவற்றில் 8 வேலையாகியிருந்தன. மீதமுள்ள 32 அழைப்புகள் பெரும்பாலும் சாலையோர அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வந்தவை. அவற்றிலும் 8 மட்டுமே வேலையாயின. அங்கெல்லாம் சங்கத்துக்கென்றே ஒரு பிளம்பர் இருக்கிறார். விலை கேட்பதற்காக மட்டுமே பலர் அழைத்திருந்தார்கள். பேரம் பேசுவார்கள் என்று உரிமையாளர் சொன்னபோது யாரை நினைத்துச் சொன்னாரோ, நான் யாரை நினைத்துத் தலையசைத்தேனோ, அவர்கள் அல்ல அந்தக் கணக்கைக் கெடுத்தவர்கள். ஆனாலும் கண்ணகி நகரின் எட்டு வேலைகளும் குழாய் மாற்றுவது, வாஷர் போடுவது போன்ற சிறிய வேலைகள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. ரூபாயில் பார்த்தால் விலக்கியது அப்படியொன்றும் பெரிய தவறாகத் தெரியாது.

கருவியின் எல்லையும் இதில் இருந்தது. கூகுள் ஆட்ஸில் வட்டம் போட்டு ஓரிடத்தைச் சேர்க்க முடியுமே தவிர, வட்டம் போட்டு விலக்க முடியாது. விலக்குவதென்றால் பின்கோடு, ஊர் என்று பெயருள்ள எல்லை வேண்டும். அடுக்குமாடிகளை மட்டும் விலக்கும் வழி என் கையில் இல்லை. இருந்திருந்தால் நோட்டைத் தெருவாரியாக முன்பே பிரித்துப் பார்த்திருப்பேனா என்று கேட்டால், பார்த்திருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது.

இன்னொரு சேதம் அதன் பிறகுதான் கண்ணில் பட்டது. வேளச்சேரியிலிருந்தே வார நாட்களில் காலை பதினொன்று முதல் மாலை ஐந்து வரை வரும் அழைப்புகள் மாதத்துக்கு 38லிருந்து 24ஆகக் குறைந்திருந்தன. இரவு அழைப்புகள் அப்படியே இருந்தன. வேளச்சேரியில் குடியிருப்பவர்களில் நிறையப் பேர் துரைப்பாக்கத்து அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள். வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று மனைவியோ அம்மாவோ சொன்னதும், அலுவலகத்தில் இருந்தபடியே பிளம்பரைத் தேடுகிறார்கள். விலக்கு, போன் இருக்கும் இடத்தைப் பார்க்கிறது. குழாய் ஒழுகும் இடத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் அமைப்பு `Presence` என்று இருந்ததால், வேளச்சேரியில் வழக்கமாக இருப்பவர் வெளியே போயிருந்தாலும் விளம்பரம் அவருக்குப் போக வழி உண்டு. ஆனால் சேர்த்த இடமும் விலக்கிய இடமும் மோதும்போது விலக்கே வெல்லும். அது கோடை விடுமுறை மாதம் என்பதால் குறைவு முழுவதையும் இதன் மேல் சுமத்த எனக்குத் துணிவில்லை.

விலக்கை நீக்கினேன். 7 கிலோமீட்டர் வட்டத்தையும் எடுத்துவிட்டு, வேளச்சேரியைச் சுற்றி 4 கிலோமீட்டரும் கண்ணகி நகரைச் சுற்றி 2 கிலோமீட்டருமாக இரண்டு வட்டங்கள் போட்டேன். வாஷர், டேப், சில அடி பைப் ஆகியவற்றை அந்தப் பிளம்பர் வீட்டிலேயே வைத்துக்கொள்ள உரிமையாளர் சம்மதித்தார். காலை வேலைகளை முடித்துவிட்டு அவர் அலுவலகம் வருகிறார். பகல் அழைப்புகள் அடுத்த மாதம் 33 ஆயின.

செய்தது சரி என்று பெரும்பாலான நாட்களில் நம்புகிறேன். ஆனால் அவர் அங்கே குடியிருந்திருக்காவிட்டால் அந்த நோட்டை நான் திரும்ப எடுத்திருப்பேனா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சென்ற வாரம் அவர், வாடகை கட்டுப்படியாகாததால் மேடவாக்கத்தில் மனைவி வீட்டார் அருகே குடிபோகப் போவதாகச் சொன்னார். இரண்டாவது வட்டத்தின் மையத்தில் இருப்பது இன்னும் அவருடைய பழைய தெருதான். அதை நகர்த்துவதா, அங்கேயே விடுவதா என்று உரிமையாளர் கேட்டிருக்கிறார். நான் இதுவரை திரையைத் திறக்கவில்லை.