கணக்கில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்: பூட்டிய கணக்கை எப்படித் திறந்தேன்

ஃப்ரீலான்ஸ் வேலைக்கான தளம் ஒன்றில் நான் வைத்திருந்த கணக்கு, பணம் எடுக்கப் போன நேரம் பார்த்துப் பூட்டிக்கொண்டது. உள்ளே நுழையலாம், பழைய செய்திகளைப் படிக்கலாம். புது வேலை எடுக்க முடியாது, சேர்ந்திருந்த பணத்தைத் தொட முடியாது. மேலே ஒரு பட்டையில், கணக்கில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று ஒரே ஒரு வரி. எந்த எழுத்து, எந்தப் பெயர் என்று ஒன்றும் சொல்லவில்லை.

இதே விஷயம் மின்னஞ்சலாகவும் வந்தது. அதில் இருந்த இணைப்பை நான் தொடவில்லை. "உங்கள் பெயர் பொருந்தவில்லை, இங்கே பாஸ்போர்ட்டை அனுப்புங்கள்" என்பது ஏமாற்றுக்காரர்களுக்கும் பிடித்த வாசகம். தள முகவரியை நாமே தட்டச்சு செய்து நுழைந்து, உள்ளேயும் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் நிஜம். ஆவணத்தையும் உள்ளே இருக்கும் அப்லோட் பக்கத்தில்தான் கொடுக்க வேண்டும், மின்னஞ்சலில் இணைத்து அனுப்பக் கூடாது.

சரி, என்னதான் பொருந்தவில்லை? என் சொந்தப் பெயரை விட்டுவிட்டு, அதே சிக்கல் உள்ள வேறொரு பெயரை வைத்துச் சொல்கிறேன்.

ப்ரொஃபைலில் இருந்தது: `Senthil Kumar M`
பாஸ்போர்ட்டில்: குடும்பப் பெயர் `MURUGESAN`, சொந்தப் பெயர் `SENDHILKUMAR`
வங்கிக் கணக்கில்: `M SENTHIL KUMAR`

நம் கண்ணுக்கு மூன்றும் ஒரே ஆள். அப்பா பெயரை இனிஷியலாகப் போடுவது, அதை முன்னாலோ பின்னாலோ வைப்பது, `T` வருகிற இடத்தில் `D` எழுதுவது எல்லாம் நமக்குப் பழக்கம். ஆனால் முதல் சுற்றில் ஆவணத்தைப் பார்ப்பது பெரும்பாலும் மனிதர் இல்லை, மென்பொருள். பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில், கீழே `<` குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். மென்பொருள் விரும்பிப் படிப்பது அதைத்தான். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். பெயருக்கு முதல் வரியில் 39. பெயர் அதைவிட நீளமானால் சுருக்கப்பட்டுவிடும். அங்கே பெயர் இப்படி இருக்கும்:

```
MURUGESAN<<SENDHILKUMAR<<<<
```

இரட்டை `<<` குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கிறது. ஒற்றை `<` இருந்தால் அது ஒரு இடைவெளி. புள்ளிக்கு அங்கே இடமே கிடையாது.

இப்போது ப்ரொஃபைல் பெயரை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து ஒப்பிட்டால், `SENTHIL`, `KUMAR`, `M` என்ற மூன்றில் ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. `KUMAR` இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது தனிச் சொல்லாக இல்லை, ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எல்லோரும் `T`, `D` வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் பல இடங்களில் அது கடந்துபோகும், அல்லது ஒரு ஊழியரின் பார்வைக்குப் போகும். இடைவெளியும் இனிஷியலும்தான் அதைவிடப் பெரிய தொல்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது, ஏனென்றால் சப்போர்ட்டுக்கு என்ன எழுத வேண்டும் என்பது இதிலிருந்துதான் வருகிறது.

அதற்கு முன்னால் செய்யக் கூடாதவை. அதே பாஸ்போர்ட்டை இன்னும் பளிச்சென்று படம் எடுத்துத் திரும்பத் திரும்ப ஏற்றுவதால் பயன் இல்லை. பட விளிம்பு வெட்டுப்பட்டிருந்தாலோ, மேலே விளக்கொளி விழுந்திருந்தாலோ அதற்குத் தனி நிராகரிப்புச் செய்தி வரும். "பெயர் பொருந்தவில்லை" என்று வந்தால் படம் சரியாகப் படிக்கப்பட்டுவிட்டது என்றே அர்த்தம். பல தளங்களில் இந்த முயற்சிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்தால் அப்லோட் பக்கமே மூடிக்கொள்ளும்.

இதைவிட மோசமானது, சரியான பெயரில் புதுக் கணக்கு திறப்பது. பார்க்க எளிய வழிபோலத் தெரியும். ஆனால் அதே முகம், அதே ஆவண எண், அதே வங்கிக் கணக்கு இரண்டு கணக்குகளில் வந்தால், ஒருவருக்கு ஒரு கணக்கு என்ற விதியை மீறியதாகிவிடும். எழுத்துத் திருத்தத்தில் முடிய வேண்டிய விஷயம், இரண்டு கணக்கும் போகும் நிலைக்குப் போய்விடும்.

திருத்துவது எங்கே? பெரும்பாலான தளங்களில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று மற்றவர்களுக்குத் தெரியும் `Display name`. இன்னொன்று உள்ளே இருக்கும் `Legal name`. ஒப்பிடப்படுவது இரண்டாவது. பலர் முதலாவதை மாற்றிவிட்டு, "மாத்திட்டேனே, இன்னும் ஏன் பூட்டியிருக்கு?" என்று கேட்கிறார்கள். சரிபார்ப்பு தொடங்கிய பிறகு `Legal name` பொதுவாக உறைந்துவிடும், நாமாகத் திருத்த முடியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆகவே சப்போர்ட் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

சப்போர்ட் படிவத்தில் காரணம் கேட்கும் பட்டியலில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன: பெயர் மாற்றம், பெயர்த் திருத்தம். இதில் கவனம் வேண்டும். பெயர் மாற்றம் என்று தேர்ந்தெடுத்தால், பழைய பெயரிலிருந்து புதுப் பெயருக்குச் சட்டப்படி மாறியதற்குச் சான்று கேட்பார்கள். திருமணச் சான்றிதழ், பெயர் மாற்ற ஆணை மாதிரி. அப்படி ஒன்று என்னிடம் கிடையாது, ஏனென்றால் நான் பெயரை மாற்றவே இல்லை. திருத்தம் என்று தேர்ந்தெடுத்தேன்.

எழுதியது சின்னக் கடிதம்தான். கதையும் புலம்பலும் இல்லாமல், படிப்பவர் ஒரு கட்டத்தில் பார்த்து இன்னொரு கட்டத்தில் பதிய வேண்டியதை மட்டும் வைத்தேன்:

"என் கணக்கில் இப்போது உள்ள பெயர்: `Senthil Kumar M`. பாஸ்போர்ட்டில் உள்ளபடி சொந்தப் பெயர்: `SENDHILKUMAR` (ஒரே சொல்). குடும்பப் பெயர்: `MURUGESAN`. கணக்கில் உள்ள `M` என்பது `MURUGESAN` என்பதன் முதல் எழுத்து. ஆள் மாறவில்லை, பெயரும் சட்டப்படி மாறவில்லை. பதிவு செய்த எழுத்துமுறைதான் வேறு. பிறந்த தேதி இரண்டிலும் ஒன்றே. `Legal name` கட்டத்தை பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்தி, சரிபார்ப்பை மறுபடி நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பிறந்த தேதி பற்றிய வரியைச் சும்மா சேர்க்கவில்லை. பெயர் பொருந்தாதபோது ஒரே ஆள் என்று காட்ட எளிதில் கிடைக்கும் ஆதாரம் அதுதான். பிறந்த தேதியும் வேறாக இருந்தால் அதை எழுத்துப்பிழை என்று யாரும் நம்ப மாட்டார்கள். இதை எழுதும் முன்பே அதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

முதல் பதில் அச்சடித்த வாசகம்: தெளிவான ஆவணத்தை ஏற்றவும். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் புது டிக்கெட் போடாமல் அதே உரையாடலில் பதில் எழுதினேன். புதிதாகப் போட்டால் முன்கதை தெரியாத இன்னொருவரிடம் போய், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "படம் தெளிவாக உள்ளது, நிராகரிப்புக்குக் காரணம் பெயர், தயவுசெய்து ஊழியர் ஒருவர் நேரில் பார்க்கவும்" என்று இரண்டு வரி. அதற்குப் பிறகு வந்த பதிலை ஒரு மனிதர் எழுதியிருந்தார். திருத்தலாம், ஆனால் அதே பெயர் உள்ள இரண்டாவது ஆவணம் ஒன்று வேண்டும், வங்கி அறிக்கை இருந்தால் நல்லது என்றார்.

இங்கேதான் மூன்றாவது பெயர் வந்து நின்றது. வங்கி அறிக்கையில் `M SENTHIL KUMAR`. அதை அப்படியே அனுப்பினால், நானே இன்னொரு பொருந்தாத ஆவணத்தைக் கொடுத்த மாதிரி ஆகும். கணக்கு திறந்துவிட்டாலும் அடுத்த தடை அங்கேதான் காத்திருக்கும். தளம் `SENDHILKUMAR MURUGESAN` என்ற பெயருக்குப் பணம் அனுப்ப, வங்கியில் வேறு பெயர் இருந்தால் பணம் நிறுத்தி வைக்கப்படலாம், திரும்பியும் போகலாம்.

ஆகவே ப்ரொஃபைலை நிறுத்திவைத்துவிட்டு வங்கியை முதலில் சரிசெய்தேன். கிளைக்குப் போய் பாஸ்போர்ட்டைக் காட்டி, பெயர்த் திருத்தப் படிவம் கொடுத்தேன். திருத்தம் பதிவானதும் புதுப் பெயரோடு ஓர் அறிக்கை எடுத்துக்கொண்டேன். சப்போர்ட்டுக்கு இடையில் "ஆவணம் வந்துகொண்டிருக்கிறது, டிக்கெட்டை மூட வேண்டாம்" என்று ஒரு வரி போட்டு வைத்தேன். பதில் இல்லாத டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும் தளங்கள் நிறைய. அறிக்கை போனதும் பெயர் திருத்தப்பட்டது. மறுபடி பாஸ்போர்ட்டை ஏற்றச் சொன்னார்கள், இந்த முறை உடனே கடந்துவிட்டது.

அறிக்கையில் பணத் தொகைகளை மறைத்து அனுப்ப நினைப்பவர்களுக்கு: முதலில் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள், சில இடங்களில் மறைத்த ஆவணம் என்றாலே நிராகரிப்பு. பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை எங்கேயும் மறைக்க முடியாது. பட மென்பொருளில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. அது திருத்திய ஆவணம் என்று பதிவானால் எழுத்துமுறை பற்றிய பேச்சே முடிந்துவிடும்.

குடும்பப் பெயரே இல்லாத பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் வேறு. அவர்களுடைய முழுப் பெயரும் `<<` குறிக்கு முன்னால் ஒரே பகுதியாக வந்துவிடும். தளமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் விடாது. புள்ளி வைப்பது, இனிஷியல் போடுவது, அதே பெயரை இரண்டு முறை எழுதுவது என்று ஆளுக்கொரு வழி. எது ஏற்கப்படும் என்பது தளத்துக்குத் தளம் மாறும் என்பதால், ஊகித்து நிரப்புவதைவிட "ஆவணத்தில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, உங்கள் முறையில் அதை எப்படிப் பதிய வேண்டும்?" என்று நேரடியாகக் கேட்டு, வந்த பதிலைச் சேமித்து வைப்பது பாதுகாப்பு. பின்னால் மறுபடி பூட்டினால் அதையே காட்டலாம்.

ஆவணங்களுக்குள்ளேயே எழுத்துமுறை வேறுபட்டால், இரு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் சில இடங்களில் உதவும். ஆனால் தனியார் தளங்கள் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. வங்கிப் பெயரோடு ஒத்துப்போகும் அடையாள ஆவணம் வேறு ஏதாவது கையில் இருந்தால், முதலில் அதைக் கொடுத்துப் பார்ப்பதே சுருக்கமான வழி. எனக்கு அப்படி ஒன்று இல்லை, அதனால்தான் வங்கிக்குப் போனேன்.

திறந்த பிறகு `Display name` கட்டத்தில் பழையபடி `Senthil Kumar` என்றே வைத்துக்கொண்டேன், அதற்குத் தடை இல்லை. வரிப் படிவத்தில் மட்டும் பழைய பெயர் அப்படியே இருந்தது. `Legal name` மாறினால் அது தானாக மாறுவதில்லை. அதையும் புதிதாக நிரப்பிக் கையெழுத்திட்டு, சின்னத் தொகை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அது வங்கிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மீதியை எடுத்தேன்.