ரெண்டு டெம்பரேச்சர் ஐசோதெர்ம்ல இருந்து என்தால்பி எடுத்த கதை: 33-ல ஆரம்பிச்சு 29-ல நின்னுச்சு

பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கிற இடத்துல இருந்து ஓடு வாங்கி வந்து, அதை கரியாக்கி ஆக்டிவேட் பண்ணி, அதுல கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு பிடிக்குதுன்னு பாக்குறதுதான் என் வேலை. லேப் புதுச்சேரியில. எவ்வளவு பிடிக்குதுங்கிறதை மெஷினே சொல்லிடும், ஆனா எவ்வளவு இறுக்கமா பிடிக்குதுன்னு கேட்டா அதுக்கு ஐசோஸ்டெரிக் என்தால்பி வேணும், அதை நாமதான் கணக்கு போட்டு எடுக்கணும். அதை எடுக்கப் போயி எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இதே வேலைல இறங்குறவங்களுக்கு உதவும்னு எல்லாத்தையும் எழுதுறேன்.

விஷயம் ரொம்ப எளிமையானதுதான். பள்ளிக்கூடத்துல பரப்புக் கவர்ச்சின்னு படிச்சோமே, வாயு கரியோட பரப்புல ஒட்டும்போது வெப்பம் வெளிய வரும். அதனால சூடு ஏத்தினா ஒட்டினது கழண்டு போகப் பாக்கும், அதே அளவு வாயு ஒட்டியே இருக்கணும்னா பிரஷரை ஏத்தணும். எவ்வளவு ஏத்த வேண்டியிருக்கோ அதுலயே பிடிமானம் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். ரெண்டு டெம்பரேச்சர்ல ஐசோதெர்ம், அதாவது பிரஷர் ஏற ஏற எவ்வளவு வாயு ஒட்டுதுங்கிற வளைவு எடுத்து, ஒரே லோடிங்குக்கு, அதாவது கிராம் கரியில ஒரே அளவு வாயு ஒட்டுறதுக்கு, ரெண்டுலயும் எவ்வளவு பிரஷர்னு படிச்சு, இதுல போட வேண்டியதுதான்:

```
Qst = R * T1*T2/(T2 - T1) * ln(p2/p1)
```

R 8.314, டெம்பரேச்சர் கெல்வின்ல. என்தால்பி மைனஸ்ல வரும், Qst அதையே பிளஸ்ல சொல்றது, அவ்வளவுதான். ஒரே லோடிங்குல பிரஷர் விகிதம்ங்கிறதை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. நான் முதல் நாள் ஒரே பிரஷர்ல லோடிங் விகிதத்தை எடுத்துட்டேன். கிராஃப்ல செங்குத்தா கோடு போட்டுட்டேன், படுக்கையா போட்டிருக்கணும்.

நீங்க நினைக்கிற லோடிங்குல மெஷின் புள்ளி தராது, பக்கத்துல ரெண்டு புள்ளிதான் இருக்கும். ஐஸ் பாத்ல எடுத்த ஐசோதெர்ம்ல எனக்கு கிராமுக்கு 0.94 மில்லிமோல் 9.0 கிலோபாஸ்கல்லயும் 1.06 மில்லிமோல் 11.0 கிலோபாஸ்கல்லயும் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் லாக் எடுத்து நடுவுல நேர்கோடு போட்டா 1 மில்லிமோலுக்கு 10.0 கிலோபாஸ்கல் கிடைச்சுது. முழு ஐசோதெர்முக்கும் ஒரு மாடல் ஃபிட் பண்ணியும் எடுக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, ஆனா ஃபிட் புள்ளிகள் மேல சரியா உக்காரலேன்னா அந்த விலகல் அப்படியே Qst வளைவுல ஏறிடும், அதனால எனக்கு பக்கத்துப் புள்ளிகளை வெச்சு எடுக்குறதுலதான் நம்பிக்கை.

ரெண்டாவது ஐசோதெர்ம் 25 டிகிரின்னு எடுத்தேன். சாம்பிள் டியூபைச் சுத்தி வைக்கிற டீவார் குடுவையில தண்ணி ஊத்தி, சாஃப்ட்வேர்ல பாத் டெம்பரேச்சர் கட்டத்துல 298.15-னு டைப் பண்ணி ஓட விட்டேன். அதுல 1 மில்லிமோலுக்கு 33.9 கிலோபாஸ்கல் வந்துச்சு. 273.15-ம் 298.15-ம் போட்டா ln-க்கு முன்னாடி இருக்குற எல்லாம் சேர்ந்து 27.08 கிலோஜூல், ln(3.39) 1.22, பெருக்கினா மோலுக்கு 33.1 கிலோஜூல். சாதாரண கரியில கார்பன் டை ஆக்சைடுக்கு 20-ல இருந்து 30 வரைக்கும்தான் பெரும்பாலும் பாத்திருக்கேன், அதனால நம்ம முந்திரி ஓட்டுல ஏதோ நைட்ரஜன் குரூப் வேலை செய்யுது போலன்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு பக்கம் விளக்கமே எழுதிட்டேன்.

லேப்ல ஒரு சீனியர் அக்கா அதைப் படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "தம்பி, ரெண்டு புள்ளி வெச்சா எப்பவும் நேர்கோடுதான் வரும். அது தப்புன்னா உனக்கு யாரு சொல்லுவா? மூணாவது டெம்பரேச்சர் ஒண்ணு எடு."

40 டிகிரில எடுத்தேன். எங்ககிட்ட இருந்த சர்க்குலேட்டர் சூடு பண்ண மட்டும்தான் செய்யும், ஆனா 40-க்கு அது போதும், ரூமை விட மேல இருக்குறதால நல்லாவே நிக்கும். 1 மில்லிமோலுக்கு 52.0 கிலோபாஸ்கல். இப்ப 25-க்கும் 40-க்கும் நடுவுல கணக்கு போட்டா 22.1 வருது! அதே கரி, அதே லோடிங், ஒரு ஜோடி 33 சொல்லுது இன்னொரு ஜோடி 22 சொல்லுது. என்தால்பி டெம்பரேச்சரோட கொஞ்சம் மாறும்தான், ஆனா இந்தச் சின்ன இடைவெளியில இவ்வளவு மாறவே மாறாது.

முதல்ல சாம்பிள் மேலதான் சந்தேகம் வந்துச்சு, வாயு நீக்குறது சரியா ஆகலியோன்னு. திரும்ப வேக்குவம்ல ராத்திரி முழுக்க சூடு பண்ணி எடையும் பாத்துட்டு ஐஸ் பாத் ஐசோதெர்மை மறுபடி எடுத்தேன், அதே 10.0 வந்துச்சு. சாம்பிள்ல கோளாறு இல்ல. அப்புறம் நடுவுல உள்ளதை விட்டுட்டு 0-வையும் 40-ஐயும் மட்டும் வெச்சு போட்டுப் பாத்தேன், ln(5.2) 1.65, Qst 29.3. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, நடுப்புள்ளியை எடுத்துட்டா ரெண்டுக்கும் நடுவுல ஒரு எண். நடுப்புள்ளிதான் இடம் மாறி நிக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

டீவார்ல தெர்மாமீட்டர் விட்டுப் பாத்தேன். 28.5 டிகிரி. கத்திரி வெயில் காலம், மாடித் தொட்டியில இருந்து வந்த தண்ணி, ஏசி போட்டும் ரூமே 28-க்குக் கீழ இறங்கல, இதுல தண்ணி மட்டும் எப்படி 25-ல இருக்கும்? ஆறு மணி நேர ரன் முடிஞ்சு பாத்தா 28.7. சாஃப்ட்வேர் அளக்கிறதில்ல, நாம டைப் பண்ணதை அப்படியே எடுத்துக்குது. பிடிச்ச அளவு மட்டும் இதனால பெருசா கெடல, ஏன்னா டியூபுல காலியா இருக்குற இடத்தை, அதான் ஃப்ரீ ஸ்பேஸை, ஹீலியம் வெச்சு அதே பாத்லயே அளக்குது. அதனாலதான் ஐசோதெர்மைப் பாத்தா கோளாறே தெரியல, அழகா வழுவழுன்னு இருந்துச்சு. டெம்பரேச்சர் வித்தியாசத்தை 25-னு நினைச்சேன், நிஜத்துல 28.5. அது நேரா கீழ வகுக்குற இடத்துல உக்காந்திருக்கு.

298.15-க்குப் பதிலா 301.65 போட்டதும் முன்னாடி இருக்குற 27.08 வந்து 24.04 ஆகிடுச்சு, Qst 29.3. இன்னொரு ஜோடியும் 22-ல இருந்து 29.2-க்கு வந்துச்சு. மூணு புள்ளியும் ln p-க்கும் 1/T-க்கும் ஒரே கோட்டுல உக்காந்ததைப் பாத்தப்போ எனக்கு அவ்வளவு நிம்மதி. நைட்ரஜன் குரூப் பத்தி எழுதின ரெண்டு பக்கத்தையும் எடுத்துட்டேன்.

அதுக்கப்புறம் ஐஸ் பாத் மேலயும் நம்பிக்கை போச்சு, அதையும் சோதிச்சேன். தண்ணி நிறைய ஊத்தி மேல ஐஸ் மிதக்க விட்டா அடியில 0 டிகிரி இருக்காது, தண்ணி 4 டிகிரிலதான் ரொம்ப கனமா இருக்கும், அந்தத் தண்ணி கீழ போய் உக்காந்துக்கும். நம்ம சாம்பிள் டியூபோட குமிழ் சரியா அங்கதான் இருக்கு! தெர்மாமீட்டரை மேல வெச்சா 0 காட்டும், அடிக்கு இறக்கினா எனக்கு 3-க்குப் பக்கத்துல காட்டுச்சு. ஐஸை நல்லா பொடியாக்கி அடி வரைக்கும் அடைச்சு, இடுக்கு நிரம்புற அளவு மட்டும் தண்ணி விட்டா அடியிலயும் 0-ல நிக்குது, உருக உருக மேல போட்டுக்கிட்டே இருக்கணும். நல்லவேளையா நான் எடுத்த ரெண்டு ரன்லயும் அப்படித்தான் அடைச்சிருந்தேன், ஆனா ஏன்னு தெரியாம பண்ணது அது. இன்னொண்ணு, நாங்க தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பார் வாங்குவோம், மீனுக்குப் போற ஐஸ். அதுல உப்பு ஒட்டியிருந்தா 0-க்குக் கீழ போயிடும். உடைக்கிறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில கழுவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறோம். ஒரு டிகிரி தப்புன்னா 25 டிகிரி வித்தியாசத்துல 4 சதவீதம், சும்மா விடுற அளவு இல்ல.

லோடிங் ஏற ஏற Qst எப்படி மாறுதுங்கிற வளைவை முழுசா போடும்போது ரெண்டு ஓரத்துலயும் நான் நிறுத்திட்டேன். கீழ் ஓரத்துல 0.3 மில்லிமோலுக்குக் கீழ ஐஸ் பாத் பிரஷர் ரொம்ப சின்னது, எங்க கேஜுக்கு அங்க பிடிமானம் இல்ல, பிரஷர்ல 5 சதவீதம் ஆடினாலே Qst ஒரு கிலோஜூலுக்கு மேல ஆடும், ஜீரோ லோடிங்குக்கு நீட்டி அங்க 40 வருதுன்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வரல. மேல் ஓரத்துல, எங்க மெஷின் ஒரு அட்மாஸ்பியரோட நின்னுடும், 40 டிகிரில அதுக்குள்ள கிராமுக்கு 1.6 மில்லிமோல்தான் ஏறுச்சு, ஐஸ் பாத்ல 4 வரைக்கும் ஏறியிருந்தாலும் ரெண்டுக்கும் பொதுவா இருக்குறது 1.6 வரைக்கும்தான். அதுக்கு மேல மாடல் கோட்டை நீட்டி எண் எடுத்தா அது மாடலோட எண், கரியோடது இல்ல.

p/p0 காலமை காப்பி பண்ணிடாதீங்க, நேரடி பிரஷர்தான் வேணும். p0-ங்கிறது அந்த டெம்பரேச்சர்ல வாயு திரவமாகுற பிரஷர், அது ரெண்டு டெம்பரேச்சர்லயும் வேற வேற, 0 டிகிரில சுமார் 35 பார், 25-ல 64 பார், அதைப் போட்டா Qst-ல 16 கிலோஜூல் காணாமப் போயிடும். 31 டிகிரிக்கு மேல கார்பன் டை ஆக்சைடுக்கு p0-ங்கிறதே கிடையாது.

கடைசியா பக்கத்து லேப்ல குளிரூட்டவும் செய்யுற சர்க்குலேட்டர் ஒரு வாரத்துக்குக் கிடைச்சுது. நிஜமான 25 டிகிரி ரன் போடுறதுக்கு முன்னாடியே, 29.3-ஐ வெச்சு 1 மில்லிமோலுக்கு எவ்வளவு பிரஷர் வரணும்னு கணக்கு போட்டு நோட்டுல 29.5-னு எழுதி தேதி போட்டு அக்காகிட்ட காட்டினேன். தெர்மாமீட்டரை டியூப் குமிழுக்குப் பக்கத்துலயே கட்டி வெச்சு மணிக்கொரு தடவை படிச்சேன், 25.0, 25.0, 25.1. சாயங்காலம் அஞ்சரைக்கு ரன் முடிஞ்சு ரெண்டு புள்ளிக்கு நடுவுல எடுத்துப் பாத்தா 29.6 கிலோபாஸ்கல். அக்கா நோட்டை வாங்கி 29.5 பக்கத்துலயே 29.6-ஐ அவங்க கையாலயே எழுதிக் குடுத்தாங்க.