பிள்ளையில்லாதவர் உயிலில் ஒரு வரி

பத்திரம் எழுதும் எங்களில் பலரிடம் உயிலுக்கென்று ஒரு பழைய மாதிரி நகல் இருக்கும். பிள்ளையில்லாதவருக்கான நகலில் இப்படி வரும்: "என் ஆயுளுக்குப் பின் சொத்தை என் மனைவி தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைய வேண்டியது. அவருக்குப் பின் என் அண்ணன் குமாரர்கள் இருவரும் சமபாகமாய் அடைய வேண்டியது." தானம் கொடுக்கவும் விற்கவுமான முழு உரிமையை முதல் வரி கொடுக்க, அதை இரண்டாவது வரி பிடுங்கப் பார்ப்பது எழுதும்போது பலருக்கு உறைப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதே நகலில் பெயர்களை மட்டும் நிரப்பிக்கொண்டு, மனைவியோடு வந்திருந்தார். சுயமாய்ச் சம்பாதித்த ஒரு வீடு, ஒரு மனை.

"சார், உங்களுக்கு அப்புறம் அம்மா வைத்தியச் செலவுக்கு மனையை விக்கலாமா?"

"தாராளமா விக்கட்டும்."

"அப்போ அண்ணன் பசங்களுக்கு?"

"அவ எனக்கு முந்திப் போயிட்டா பசங்களுக்குன்னுதானே எழுதியிருக்கேன்!"

நகலில் அப்படி இல்லை. முழு உரிமையைக் கொடுத்த பிறகு எழுதும் "அவருக்குப் பின்" பொதுவாகக் கோர்ட்டில் நிற்காது. ஆனால் சிக்கல் வர அந்த அம்மா கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, மனையை விற்கப் போனாலே போதும். வாங்குபவரின் வக்கீல் அந்த வரியைப் பார்த்ததும் அண்ணன் மகன்களின் கையெழுத்தையும் கேட்பார். வங்கிக் கடன் என்றால் கேள்வி இன்னும் கூடும்.

மனைவிக்கு ஆயுள் அனுபவம் மட்டும் என்று எழுதினாலும் விஷயம் முடிந்துவிடாது. ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்து இந்துப் பெண்ணுக்கு முழு உரிமையாகிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்துப் பிற்பாடு வழக்காட இடமுண்டு.

சரி, அண்ணன் மகன்களைப் பற்றிய வரியையே நீக்கிவிட்டால்? மனைவி முந்திக்கொண்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போய், சொத்து உயில் இல்லாததுபோல வாரிசுச் சட்டப்படி போகும். ஆசிரியருக்குப் பெற்றோர் இல்லை. அண்ணனும் ஒரு தங்கையும் உண்டு. இருவரும் சமமாய் எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் பிள்ளைகள் வரை முறை வராது.

ஆகவே முதல் வரியை அப்படியே விட்டு, இரண்டாவதை மாற்றினேன்: "என் மனைவி எனக்கு முன் காலமாகியிருந்தால் மட்டும், மேற்படி சொத்தை என் அண்ணன் குமாரர்கள் இருவரும் சமபாகமாய் அடைய வேண்டியது. அவர்களில் ஒருவர் எனக்கு முன் காலமானால், அவர் பாகத்தை அவருடைய பிள்ளைகள் அடைய வேண்டியது." பின்பாதியும் தேவைதான். தனிப் பாகமாகக் கொடுத்தது, பெறுபவர் முந்தி இறந்தால் தானாக அவர் பிள்ளைகளுக்குப் போகாது. சட்டத்தில் அந்தச் சலுகை எழுதியவரின் சொந்தப் பிள்ளை, பேரப்பிள்ளை வழிக்கு மட்டும்தான்.

"எனக்கு அப்புறம் அவ போனா?" என்றார் ஆசிரியர். அம்மா உயில் எழுதினால் அதன்படி, எழுதாவிட்டால் கணவர் வழி வாரிசுகளுக்கு என்றேன். அங்கேயும் முறைப்படி முதலில் அண்ணன், தங்கை. பசங்களுக்குத்தான் வேண்டுமென்றால் அம்மாவும் தனியாக ஓர் உயில் எழுத வேண்டும். அந்த அம்மா, "இன்னைக்கே எழுதிடலாமா?" என்று கேட்டார்.